அம்பு எங்கே... கோடு எங்கே?

ஒரு சின்ன விளையாட்டு பாஸ். கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருங்க. கண்ணை மூடிக்கிட்டு மவுஸை நாலா பக்கமும் ஒரு ஆட்டு ஆட்டுங்க. இப்ப கண்ணைத் திறந்து, மவுஸைத் தொடாம, அம்புக்குறி எங்க நிக்குதுன்னு கண்டுபிடிங்க. அரை செகண்ட்கூட ஆகியிருக்காது, சரியா? எனக்கு இதே வேலைக்கு நாலஞ்சு செகண்ட் ஆகும். பத்து தடவைக்கு மூணு தடவை கண்டே பிடிக்க முடியாது. மவுஸை வலது மூலைக்கு இழுத்துட்டுப் போய் முட்டவெச்சு, அங்கிருந்து பின்தொடர்ந்து வரணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மவுஸைத் தொடுறோம்? பெருக்கிப் பாருங்க.

எனக்குப் பிறவியிலேயே நிஸ்டாக்மஸ். கருவிழி ரெண்டும் ஓயாம அப்படியும் இப்படியும் ஆடிக்கிட்டே இருக்கும். பவர் கண்ணாடி போட்டாலும் ஓரளவுக்கு மேல தெளிவு வராது. ஏன்னா குறை பவர்ல மட்டும் இல்லை, நிக்காத கண்ணுல இருக்கு. தலையை லேசா இடது பக்கம் திருப்பினா ஆட்டம் குறையும். அதனாலதான் கிளாஸ்ல நான் எப்பவும் யாரையோ ஓரக்கண்ணால சைட் அடிக்கிற மாதிரியே உட்கார்ந்திருப்பேன். உண்மையில நான் போர்டைத்தான் பார்க்கிறேன் மக்களே, நம்புங்க!

இந்தக் கண்ணோட நான் எடுத்திருக்கிறது பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எழுத்து சின்னதா இருந்தா பெருசாக்கிக்கலாம், அது எல்லாருக்கும் தெரியும். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினா போதும். ஆனா எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும் ரெண்டு விஷயம் மட்டும் அப்படியே குட்டியா நிக்கும். ஒண்ணு, மவுஸ் அம்பு. இன்னொண்ணு, டைப் அடிக்கிற இடத்துல மினுக்கிக்கிட்டு நிக்குமே ஒரு ஒல்லிக் கோடு, டெக்ஸ்ட் கர்சர். நம்ம ஆளுங்க ரெண்டையும் சேர்த்து 'கர்சர்'னு ஒரே பேர்ல கூப்பிடுறாங்க. அதுலதான் பாதிக் குழப்பம். அம்பைப் பெருசாக்கிட்டு, "எல்லாம் சரி பண்ணியாச்சு"ன்னு எழுந்து போயிடுவாங்க. கோடு பாவம், ஒரே ஒரு பிக்சல் அகலத்துல அங்கேயே பட்டினி கிடக்கும்.

போன வருஷம் பைத்தான் லேப் மாடல் எக்ஸாம். மூணு மணி நேரம். புரோகிராம் எனக்கு மனப்பாடமாத் தெரியும். ஆனா பைத்தான் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமே... ஒரு வரி நாலு ஸ்பேஸ் தள்ளி நிக்குதா, எட்டு ஸ்பேஸ் தள்ளி நிக்குதாங்கிறதைப் பொறுத்து அர்த்தமே மாறிடும். கோடு எங்க நிக்குதுன்னு தெரியலேன்னா, ஹோம் கீயை அழுத்தி வரியோட ஆரம்பத்துக்குப் போய், ஒவ்வொரு ஸ்பேஸா எண்ணிக்கிட்டே வரணும். அப்படி எண்ணி எண்ணி, கடைசி புரோகிராமுக்கு அவுட்புட் எடுக்கிறதுக்குள்ள பெல் அடிச்சாச்சு. மாடல் எக்ஸாமுங்கிறதால தப்பிச்சேன். யுனிவர்சிட்டி பிராக்டிகலுக்கு அப்ப ஆறு வாரம் இருந்துச்சு. அதுல போனா அரியர்!

அந்த ஆறு வாரத்துல ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து, என் ரூம்மேட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நான் பண்ணின ஆராய்ச்சிதான் இந்தக் கட்டுரை.

முதல்ல அம்பு. விண்டோஸ் 11-ல விண்டோஸ் கீயோட U அழுத்தினா நேரா Accessibility பக்கம் திறக்கும். அதுல Mouse pointer and touch. (விண்டோஸ் 10 வெச்சிருக்கவங்களுக்கு இதே இடத்துக்குப் பேர் Ease of Access, உள்ளே Mouse pointer.) அங்க Size-னு ஒரு இழுவைப்பட்டை இருக்கும். 1-லேர்ந்து 15 வரைக்கும் போகும். 1-ங்கிறது 32 பிக்சல் கட்டம். ஒவ்வொரு படிக்கும் 16 பிக்சல் கூடும். அப்ப 5 வெச்சா 96 பிக்சல், அதாவது மூணு மடங்கு. 15 வெச்சா 256 பிக்சல், எட்டு மடங்கு.

"அப்புறம் என்ன மச்சி, 15 வெச்சுடு"ன்னான் ரூம்மேட். வெச்சோம். ஸ்கிரீன்ல ஒரு கோழிக்கால் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்துச்சு! எங்க இருந்தாலும் தெரியுது. ஆனா ஒரு மெனுவைத் திறந்தா மெனுவே தெரியலை.

காரணம் சிம்பிள். அம்போட எந்த இடம் கிளிக் ஆகுது? இடது மேல் முனை, அந்த ஒரே புள்ளிதான். அம்பு எவ்வளவு பெருசானாலும் அந்தப் புள்ளி அங்கேயேதான் நிக்கும். மிச்ச உடம்பு எல்லாம் வலது பக்கமாவும் கீழ்ப்பக்கமாவும்தான் வளரும். நாம படிக்கிறதும் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஆகவே, அடுத்து எதைப் படிக்கப் போறோமோ கரெக்டா அதையே அம்பு மறைக்கும். சாதாரண அளவுல கண்ணுக்குத் தெரியிற அம்பு சுமார் 19 பிக்சல் உயரம்தான். 5 வெச்சா 57. அதுவே மெனுவுல கீழே இருக்கிற ரெண்டு வரியைத் தின்னுடும். 15-ல கேட்கவே வேண்டாம்.

இதுக்கு நான் கண்டுபிடிச்ச வழி, மெனு வரியோட வலது ஓரத்துல முனையை வெச்சு கிளிக் பண்றது. ஒரு மெனு வரியில எழுத்து மேலதான் கிளிக் பண்ணணும்னு இல்லை, அந்த வரியில எங்க தட்டினாலும் வேலை செய்யும். வலது ஓரத்துல வெச்சா அம்போட உடம்பு மெனுவுக்கு வெளியே தொங்கும். மெனு முழுசாத் தெரியும். இல்லேன்னா மெனுவைத் திறந்த உடனே மவுஸை விட்டுட்டு கீபோர்டு அம்புக் கீயால இறங்குங்க.

எந்த அளவு சரின்னு தெரிஞ்சுக்க, முதல்ல சொன்ன விளையாட்டேதான் பரீட்சை. நான் கண்ணை மூடுவேன், ரூம்மேட் மவுஸை எங்கயாவது கொண்டுபோய் விடுவான், செல்போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு "ஸ்டார்ட்"னு கத்துவான். ஒவ்வொரு அளவுக்கும் பத்து தடவை. இதோட இன்னொரு பரீட்சையும் சேர்த்துக்கிட்டோம். கண்டுபிடிச்ச உடனே ஜன்னலோட மூலையில இருக்கிற X-ஐ கிளிக் பண்ணணும். அளவு ஏற ஏற முதல் பரீட்சையில மார்க் கூடிக்கிட்டே போச்சு. ஆனா 5-க்கு மேல ரெண்டாவதுல அடி வாங்கினேன். அவ்வளவு பெரிய அம்புல முனை எங்க இருக்குன்னு என் ஆடுற கண்ணு திரும்பத் தேட ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு 5-தான் சரியான இடம். உங்களுக்கு 3 ஆகலாம், 8 ஆகலாம். ரெண்டு பரீட்சையையும் வெச்சுப் பார்த்தாதான் தெரியும்.

அடுத்து கலர். இங்கதான் செம கூத்து.

அதே பக்கத்துல அம்புக்கு நாலு ஸ்டைல் இருக்கு. வெள்ளை, கறுப்பு, தலைகீழ் நிறம், நம்ம இஷ்டத்துக்கு ஒரு நிறம். தலைகீழ்னா, பின்னாடி வெள்ளை இருந்தா அம்பு கறுப்பாகும், பின்னாடி கறுப்பு இருந்தா வெள்ளையாகும். கேட்கும்போது சூப்பரா இருக்குல்ல? ஒரு இடத்துல மட்டும் கவுத்துடும். நடுத்தர சாம்பல். நிறத்தோட அளவு 0-லேர்ந்து 255 வரைக்கும். சாம்பல் 128-ன்னா அதோட தலைகீழ் 127. 128-க்குப் பக்கத்துல 127 நின்னா யாரால பிரிச்சுப் பார்க்க முடியும்? ஆடுற கண்ணை விடுங்க, கழுகுக் கண்ணுக்கும் தெரியாது. சாம்பல் பின்னணி வெச்ச சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்க இந்த ஸ்டைலை நம்ப வேண்டாம்.

"மஞ்சள் வைடா, பளிச்சுன்னு இருக்கும். ஆட்டோ எல்லாம் சும்மாவா மஞ்சள் கலர்ல இருக்கு?"ன்னான் ரூம்மேட். ஆட்டோ ஓடுறது கறுப்பு ரோட்டுல. வேர்டு பக்கம் வெள்ளை. மஞ்சள், வெள்ளை ரெண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம். வெப்சைட் டிசைன் பண்றவங்க இதை ஒரு கணக்காவே வெச்சிருக்காங்க. ரெண்டு நிறத்தோட வெளிச்ச விகிதம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21-க்கு 1. அதுதான் உச்சம். ஐகான், பட்டன் மாதிரி விஷயங்களுக்கு குறைஞ்சது 3-க்கு 1 இருக்கணும்னு 2018-ல வந்த வெப் விதிமுறை சொல்லுது. அம்புக்கும் அதையே அளவுகோலா வெச்சுக்கிட்டேன். பளீர் மஞ்சள் வெள்ளை மேல எவ்வளவு தெரியுமா? 1.07. அதாவது கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை. விண்டோஸ் ஆசையா எடுத்துக் குடுக்கிற அந்த எலுமிச்சைப் பச்சை? அதுவும் 3-க்குப் பக்கத்துலகூட வராது. கறுப்பு மேல ரெண்டுமே ஜொலிக்கும், வெள்ளை மேல ஆவி மாதிரி ஆயிடும். அம்பைச் சுத்தி ஒரு மெல்லிய கோடு இருக்கும்தான். ஆனா மெல்லிய கோடு தெரிஞ்சா நான் ஏன் பாஸ் இந்தக் கஷ்டப்படப் போறேன்?

என் பிரச்னை என்னன்னா, வேர்டு வெள்ளை, பைத்தான் எழுதுற எடிட்டர் கறுப்பு. ரெண்டுலயும் தெரியணும். கணக்குப் போட்டுப் பார்த்ததுல மாட்டினது மெஜந்தா, அதாவது பளீர் ரோஸ்! நிற எண் #FF00FF. வெள்ளை மேல 3.14, கறுப்பு மேல 6.7. ரெண்டு பக்கமும் 3-ஐத் தாண்டுது. நிறம் தேர்ந்தெடுக்கிற கட்டத்துல More-ஐ விரிச்சா இந்த எண்ணை நேரா டைப் அடிக்கலாம். அதோட, எந்த சாஃப்ட்வேரோட பட்டனும் ஐகானும் சாதாரணமா இந்த ரோஸ்ல இருக்காது. ஸ்கிரீன்ல ரோஸ் தெரிஞ்சா அது என் அம்புதான். லேப்ல கிண்டல் பண்ணத்தான் செஞ்சாங்க. "என்னடா, பார்பி டால் சிஸ்டமா?" பண்ணிக்கோங்கப்பா. எனக்குத் தெரியுது, அது போதும்.

சரி, அம்பு முடிஞ்சுது. இப்ப கோடு. அசல் ஆட்டமே இங்கதான்.

கோடு ஏன் கண்ணுல சிக்கலை? ஒல்லியா இருக்கிறது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது மினுக்குறது. விண்டோஸ்ல கோடு அரை செகண்டுக்கு மேல கொஞ்சம் நேரம் இருக்கும், அதே அளவு நேரம் காணாம போகும். சரியாச் சொன்னா 530 மில்லி செகண்ட். என் கண்ணு ஒரு இடத்துல நிக்கவே நிக்காது. அது கோட்டைக் கடந்து போற அந்தக் கணத்துல கோடு அணைஞ்சிருந்தா, "இங்க இல்லை"ன்னு மூளை முடிவு பண்ணி அடுத்த வரிக்குப் போயிடும். அதனால நான் முதல்ல பண்ணினது மினுக்கலை நிறுத்தினதுதான். விண்டோஸ் கீயோட R அழுத்தி, control keyboard-னு அடிச்சா ஒரு குட்டிப் பெட்டி வரும். அதுல Cursor blink rate-ஐ இடது கடைசிக்கு, None வரைக்கும் இழுத்துடணும். கோடு சிலை மாதிரி நிக்கும். சிலருக்கு நேர்மாறு. மினுக்கினாதான் கண்ணை இழுக்கும்பாங்க. ரெண்டும் வெச்சுப் பாருங்க.

தடிமனுக்கு, அதே Accessibility பக்கத்துல Text cursor. அதுல Text cursor thickness, 1-லேர்ந்து 20 வரைக்கும். பக்கத்துலேயே மாதிரி காட்டும். ரூம்மேட் இதுலயும் 20-க்கு இழுத்தான், அவன் குணம் அப்படி. கோடு செங்கல் மாதிரி ஆச்சு. வரிக்கடைசியில டைப் அடிக்கும்போது பிரமாதம். அடுத்து எழுத்தே இல்லையே, எதை மறைக்கப் போகுது? ஆனா நடுவுல ஒரு வார்த்தையைத் திருத்தப் போனா தெரியும் சேதி. கோடும் வலது பக்கமாத்தான் தடிக்குது. அதனால அடுத்து நிக்கிற எழுத்து மேல ஏறி உட்கார்ந்துடும். அந்த இடத்துல எழுத்து நெகட்டிவ் ஃபிலிம் மாதிரி நிறம் மாறித் தெரியும். கொஞ்சம் தெளிவு இருக்கிற கண்ணுக்கு அது போதும், எனக்கு அது வெறும் திட்டு.

இங்கிலீஷ்ல இதைச் சமாளிச்சுடலாம். தமிழ்ல கஷ்டம். எங்க டிபார்ட்மென்ட் ஆண்டு மலருக்கு டைப் அடிக்கிறது நான்தான். 'கல்', 'கால்' ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு துணைக்கால். 'பல', 'பல்' ரெண்டுக்கும் ஒரு புள்ளி. எழுத்து மேல தடிக் கோடு ஏறி நின்னா முதல்ல காணாம போறது இந்தச் சின்ன விஷயங்கள்தான். தமிழ்ல இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'கொ'ங்கிற எழுத்தை அம்புக் கீயால தாண்டினா கோடு ஒரே தாவுல முழுசையும் தாண்டும். நடுவுல நிக்காது. ஆனா பேக்ஸ்பேஸ் அடிச்சா, முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற குறி ரெண்டும் ஒண்ணா மறைஞ்சு 'க' மட்டும் மிஞ்சும். அதே எழுத்துக்கு முன்னாடி நின்னு டெலீட் அடிச்சா முழு எழுத்தும் போயிடும். அதனால கோடு எழுத்துக்கு இந்தப் பக்கம் நிக்குதா, அந்தப் பக்கம் நிக்குதான்னு துல்லியமாத் தெரியலேன்னா, திருத்தப் போய் இன்னொண்ணைக் கெடுக்கிற கதைதான்.

அப்ப தடிமனும் வேணும், எழுத்தையும் மறைக்கக் கூடாது. அதுக்குத்தான் அதே பக்கத்துல மேலேயே ஒரு சுவிட்ச் இருக்கு. Text cursor indicator. 2020 மே மாசம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்லேர்ந்து இது இருக்கு, ஆனா எங்க லேப்ல ஒருத்தருக்கும் இதைப் பத்தித் தெரியலை. இதை ஆன் பண்ணினா கோட்டுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு கலர் குமிழ் ஒட்டிக்கும். எழுத்து மேல படாது. கண்ணு தூரத்துலேர்ந்து குமிழைப் பிடிக்கும், கிட்ட வந்த பிறகு நடுவுல இருக்கிற கோட்டைப் பார்த்தா சரியான இடம் தெரியும். தேடுறதுக்கு ஒண்ணு, குறி வெக்கிறதுக்கு ஒண்ணுன்னு வேலையைப் பிரிச்சுக் குடுத்தாச்சு. குமிழுக்கு அளவு 1-லேர்ந்து 5 வரைக்கும். நான் வெச்சிருக்கிறது 3. அதுக்கு மேல போனா, மேல் வரியில தொங்குற 'கு', 'மு' கொம்புகளையும், கீழ் வரியோட புள்ளிகளையும் குமிழ் தொட ஆரம்பிக்குது. வேர்டுல வரி இடைவெளியை 1.5 ஆக்கிட்டா அந்தப் பிரச்னையும் குறையும்.

குமிழ் வந்த பிறகு கோட்டை 20 எல்லாம் வெக்கத் தேவையே இல்லை. என்னோடது 4. அடுத்த எழுத்தோட ஓரத்தைத்தான் தொடும்.

இவ்வளவையும் பண்ணிட்டு, ராஜா மாதிரி பைத்தான் எழுத வி.எஸ். கோடைத் திறந்தேன். பழைய ஒல்லிக் கோடு, அதே மினுக்கல்!

இதுக்குக் காரணம் தெரிஞ்சா பல குழப்பம் தீரும். விண்டோஸ் தன்கிட்ட இருக்கிற கோட்டை எல்லா புரோகிராமுக்கும் இரவல் குடுக்குது. நோட்பேடு மாதிரி அதை வாங்கிப் பயன்படுத்துற புரோகிராம்ல நம்ம தடிமன் தானா வந்துடும். சில புரோகிராம் "எனக்கு வேண்டாம், நானே வரைஞ்சுக்கிறேன்"னு சொந்தமாக் கோடு போட்டுக்கும். அதுக்கு விண்டோஸ் செட்டிங் எதுவும் தெரியாது. கண்டுபிடிக்கிறது சுலபம். தடிமனை வேணும்னே 20 வெச்சுட்டு ஒவ்வொரு புரோகிராமா திறந்து பாருங்க. செங்கல் வந்தா விண்டோஸ் கோடு, வரலேன்னா சொந்தக் கோடு. சொந்தக் கோடுன்னா அந்த புரோகிராமோட செட்டிங்ஸ்லதான் தேடணும்.

வி.எஸ். கோடுல அந்த வசதி தாராளமாவே இருக்கு. கன்ட்ரோல், ஷிப்ட், P மூணையும் சேர்த்து அழுத்தி Preferences: Open User Settings (JSON) எடுத்து இதைப் போட்டா போதும்:

```
{
  "editor.cursorStyle": "line",
  "editor.cursorWidth": 5,
  "editor.cursorBlinking": "solid",
  "workbench.colorCustomizations": {
    "editorCursor.foreground": "#FF00FF"
  }
}
```

முதல் வரி முக்கியம். கோடு 'line' வடிவத்துல இருந்தாதான் அகலம் எடுபடும். 'solid'-னா மினுக்காது. கடைசியில நம்ம பளீர் ரோஸ்! ஏற்கெனவே அந்த ஃபைல்ல வேற செட்டிங் இருந்தா, வெளி அடைப்புக்குறியை விட்டுட்டு உள்ளே இருக்கிற வரிகளை மட்டும் சேர்க்கணும். நடுவுல கமா மறக்காதீங்க.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டோகேடும் இப்படித்தான், தன் கூட்டல்குறியைத் தானே வரைஞ்சுக்கும். கமாண்ட் லைன்ல CURSORSIZE-னு அடிச்சா எண் கேட்கும். சாதாரணமா 5 இருக்கும், ஸ்கிரீன்ல நூத்துக்கு அஞ்சு பங்கு நீளம். 100 குடுத்துப் பாருங்க. கோடு ரெண்டும் ஸ்கிரீனோட இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் ஓடும். எங்க பார்த்தாலும் ஒரு கோடு கண்ணுல மாட்டும், அதைப் பிடிச்சுக்கிட்டே போனா நடுப்புள்ளி வந்துடும். லேப்ல உபுன்டு இருந்தா, Settings உள்ளே Accessibility, அதுல Seeing, அங்க Cursor Size. அம்பு அளவு மட்டும்தான் மாத்தலாம். கலர் வேணும்னா தனியா கர்சர் தீம் போடணும்.

இப்ப பிராக்டிகல் எக்ஸாமுக்கு வருவோம். இந்த செட்டிங் எல்லாம் மெஷினோட சேர்ந்தது இல்லை, லாகின் பண்ற ஆளோட சேர்ந்தது. சொந்த லேப்டாப்ல ஒருதடவை வெச்சா நிரந்தரம். காலேஜ் லேப்ல நிறைய இடத்துல, ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் பழையபடி ஆகுற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் போட்டிருப்பாங்க. எங்க லேப்லயும் அதேதான். நான் வெள்ளிக்கிழமை வெச்ச ரோஸ் அம்பு திங்கட்கிழமை வெள்ளை ஆகியிருக்கும். எக்ஸாமுக்கு பென் டிரைவும் கொண்டுபோக முடியாது.

அதனால எச்.ஓ.டி. மேடத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு லெட்டர் குடுத்தேன். "கண் நல்லாத் தெரியாது, உதவி பண்ணுங்க"ன்னு பொதுவா எழுதலை. நாலு வரி. அம்பு அளவு 5, நிறம் இது. கோடு தடிமன் 4, மினுக்கல் இல்லை. குமிழ் ஆன், அளவு 3. எடிட்டர்ல நாலு செட்டிங். இதை வெக்க எக்ஸாம் தொடங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வேணும், செட்டிங்ஸ் பக்கம் லாக் ஆகாத ஒரு மெஷின் வேணும். மேடம் படிச்சுட்டு, "இவ்வளவுதானா? இதுக்கு எக்ஸ்டர்னல்கிட்ட நான் சொல்லிக்கிறேன்"னு லேப் அண்ணாவைக் கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க. லேப் அண்ணாதான் முக்கியமான ஒரு விஷயத்தைக் கவனிச்சார். "தம்பி, நடுவுல கரன்ட் போய் மெஷின் ரீஸ்டார்ட் ஆனா எல்லாம் போயிடுமே?" யு.பி.எஸ். லைன்ல இருக்கிற மூணாவது வரிசை மெஷினை எனக்கு ஒதுக்கினார்.

பத்து நிமிஷம் கேட்டேன்ல, வீட்டுல பழகினதால ஆறு நிமிஷத்துல முடிஞ்சுது. எடிட்டர் செட்டிங்கைப் பார்க்காம டைப் அடிக்கிற அளவுக்கு மனப்பாடம். ரெண்டு புரோகிராமும் ஓடி, அவுட்புட் பிரின்ட் எடுத்தப்ப இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் பாக்கி இருந்துச்சு. எக்ஸ்டர்னல் சார் வைவாவுக்கு வந்தவர் முதல்ல கேட்ட கேள்வி, "இந்த ரோஸ் கலர் எப்படிப்பா வெச்சே? எனக்கும் இப்பல்லாம் அம்பு சட்டுன்னு சிக்க மாட்டேங்குது." பைத்தான்ல ரெண்டு கேள்வி, அப்புறம் அம்புல நாலு கேள்வி!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதைப் படிச்சுட்டு, கண் தெரியாத ஃபிரெண்டோட கம்ப்யூட்டர்ல போய் அம்பைப் பெருசாக்கி வெச்சுட்டு வந்துடாதீங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியர் அண்ணாவுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிக்கிட்டே வந்து, இப்ப ஒரு குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி நடு மட்டும் மிச்சம். அந்த நடு நல்லாவே தெரியும். அவருக்கு என் 5 வெச்சுக் காட்டினேன். "குழாய் முழுக்க அம்புதான்டா தெரியுது, பின்னாடி என்ன இருக்குன்னே தெரியலை"ன்னு சிரிச்சார். அவருக்கு அம்பு தெளிவாத் தெரியலைங்கிறது பிரச்னை இல்லை. ஸ்கிரீன்ல எந்தப் பக்கம் குழாயைத் திருப்புறதுன்னுதான் பிரச்னை.

அவருக்கு நாங்க வெச்சது வேற. விண்டோஸ் கீயோட R, அப்புறம் main.cpl. Pointer Options-ல கடைசியா ஒரு டிக் கட்டம் இருக்கும், Show location of pointer when I press the CTRL key. அதை டிக் பண்ணிட்டா, கன்ட்ரோல் கீயைத் தட்டி விடும்போதெல்லாம் அம்பைச் சுத்தி வட்டம் ஒண்ணு பெருசாத் தொடங்கி அம்பை நோக்கிச் சுருங்கும். ஸ்கிரீன்ல அந்த அசைவு ஒரு ஓரத்துல கண்ணுல பட்டாலும் போதும், சுருங்குற திசையிலேயே குழாயைக் கொண்டுபோயிடுவார். அம்பு அளவு 2-தான். டெக்ஸ்ட் கோடு தடிமன் 3, குமிழ் மட்டும் 5. "குமிழ் என் குழாய்க்குள்ள வந்துட்டா அப்புறம் நான் பார்த்துக்கிறேன்"ங்கிறார். இப்ப பேங்க் எக்ஸாமுக்கு ரெடியாகிட்டு இருக்கார். ராத்திரி பக்கத்து ரூம்லேர்ந்து கன்ட்ரோல் கீயைத் தட்டுற சத்தம் டொக் டொக்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.